தேவாரத்துல ஏறி கானாவிலக்குல இறங்கணும்: ஒரு சின்ன ஊருக்கு பஸ் வரைபடம் வரைவது எப்படி

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னிக்கு எபிசோட்ல கோடு, புள்ளி, பஸ் மூணையும் பத்திப் பேசப் போறோம். மெட்ரோ ஸ்டேஷன்ல ஒரு வரைபடம் ஒட்டியிருப்பாங்க இல்லையா, கலர் கலரா கோடு போட்டு, ஸ்டேஷனுக்கு ஒரு புள்ளி வச்சு. அதே மாதிரி ஒண்ணை தேவாரத்துக்கு வரைஞ்சா எப்படி இருக்கும்? தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா, மலையடிவாரத்துல இருக்கிற பேரூராட்சி. மெட்ரோ கிடையாது, ரயில் கிடையாது. பஸ் இருக்கு. எந்த பஸ் எங்க போகும், எங்க இறங்கி மாறணும்ங்கிறது அங்க தினமும் போய் வர்றவங்க தலைக்குள்ள மட்டும் இருக்கு. அதைப் பேப்பர்ல கொண்டு வர முடியுமாங்கிறதுதான் கேள்வி.

முழு எபிசோடுக்கும் ஒரே ஒரு பயணத்தைப் பிடிச்சுக்கலாம். தேவாரத்துல ஒரு அம்மா. அவங்க வீட்டுக்காரர் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில சேர்ந்திருக்கார். அந்த மருத்துவமனை தேனி ஊருக்குள்ள இல்ல. தேனியைத் தாண்டி மதுரை ரோட்டுல, ஆண்டிபட்டிக்கு முன்னாடி, கானாவிலக்குங்கிற இடத்துல இருக்கு. பேப்பர்ல க.விலக்குன்னு போடுவாங்க. அந்த அம்மா காலையில சாப்பாடு எடுத்துட்டுப் போகணும், பகல் பூரா இருந்துட்டு ராத்திரி வீட்டுக்குத் திரும்பணும். நம்ம வரைபடம் இவங்களுக்கு உதவலைன்னா, அது சுவத்துல மாட்ட அழகா இருக்கும், அவ்வளவுதான்.

முதல்ல ஊரோட எலும்புக்கூடு

மேப்பைத் திறந்து பார்த்தா அந்தப் பகுதியில ரோடு நிறைய தெரியும். பஸ் பார்வையில பார்த்தா முக்கியமானது ரெண்டே ரோடு. ரெண்டும் வடக்கு தெற்கா ஓடுது.

மேற்கே இருக்கிறது மலையடிவார ரோடு. போடியில ஆரம்பிச்சு சிலமலை, ராசிங்காபுரம் வழியா தேவாரம் வரும். அங்கிருந்து தெற்கே பண்ணைப்புரம், கோம்பை, கடைசியா உத்தமபாளையம். பண்ணைப்புரம் பேரைக் கேட்டதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வருவாங்கன்னு தெரியும். ஆமா, இளையராஜா ஊர்தான்.

கிழக்கே இருக்கிறது தேனியில இருந்து குமுளி போற தேசிய நெடுஞ்சாலை. தேனி, பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், அப்புறம் குமுளி.

இந்த ரெண்டு ரோடும் உத்தமபாளையத்துல சேர்ந்துடுது. மேலே போடியும் தேனியும் குறுக்கே ஒரு ரோட்டால இணைஞ்சிருக்கு, அதுவும் தேசிய நெடுஞ்சாலைதான். ஆக, ஒரு முக்கோணத்தைத் தலைகீழா வச்சா எப்படியோ அப்படி. மேல் இடது மூலை போடி, மேல் வலது மூலை தேனி, கீழ் முனை உத்தமபாளையம். தேவாரம் இடது பக்கக் கோட்டுல நடுவுல உட்கார்ந்திருக்கு. வலது கோட்டுல சின்னமனூர். தேவாரத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவுல குறுக்கே இன்னொரு ரோடு போகுது.

இந்த முக்கோணத்தை மனசுல வச்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் சுலபம். வளைவு நெளிவை விட்டுட்டு நேர்க்கோடு, இல்லைன்னா 45 டிகிரி சாய்வு, ரெண்டுல ஒண்ணுதான் அனுமதி. இந்தக் கட்டுப்பாட்டைப் பிரபலமாக்கினவர் ஹாரி பெக். லண்டன் சுரங்க ரயில் நிறுவனத்துல மின் வரைபடம் வரைஞ்சவர். 1931-ல அவர் போட்ட ஸ்கெட்சை முதல்ல நிர்வாகம் வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுச்சு. 1933 ஆரம்பத்துல சோதனையா அச்சடிச்சுக் கொடுத்தாங்க, ஜனங்க உடனே எடுத்துக்கிட்டாங்க. அவரோட வாதம் இதுதான்: ரயிலுக்குள்ள உட்கார்ந்திருக்கிறவனுக்கு மேலே எந்தத் தெரு போகுதுன்னு கவலை இல்ல. எங்க மாறணும், எங்க இறங்கணும், அது மட்டும் தெரிஞ்சா போதும்.

லண்டன் கணக்கு இங்க எங்க உடையுது

பெக்கோட வரைபடத்துல சொல்லாம விட்ட ஒரு அனுமானம் இருக்கு. ஒரு ரயிலை விட்டா கொஞ்ச நேரத்துல அடுத்தது வந்துடும். அதனால மாறுற இடத்துல காத்திருக்கிற நேரத்தை வரைபடத்துல காட்ட வேண்டிய அவசியமே இல்ல. எல்லாக் கோடும் ஒரே தடிமன்.

சின்ன ஊர்ல அப்படி இல்ல. போடி தேனி ரோட்டுல ஒரு பஸ்ஸை விட்டா இன்னொண்ணு பின்னாலயே வரும். உள் கிராமத்துக்குப் போற ஒரு மினி பஸ்ஸை விட்டா, டீக்கடையில உட்கார்ந்து பேப்பரை ரெண்டு தடவை படிக்கலாம். இந்த ரெண்டு கோட்டையும் ஒரே தடிமன்ல வரைஞ்சா வரைபடம் பொய் சொல்லுதுன்னு அர்த்தம்.

இதை ஒரு கணக்காவே பார்க்கலாம். இப்போ நான் சொல்ற எண்கள் சும்மா கணக்குக்காக எடுத்துக்கிட்டது, ஊர் டைம்டேபிள் இல்ல. அந்த அம்மாவுக்குத் தேனி போக ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, போடி வழியா. இன்னொண்ணு, சின்னமனூர் வழியா. தேவாரம் போடி பஸ் அரை மணிக்கு ஒண்ணுன்னு வச்சுக்குங்க. நேரம் தெரியாம போய் நின்னா சராசரியா அதுல பாதி, அதாவது 15 நிமிஷம் நிக்கணும். போடியில தேனி பஸ் 10 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா அங்க 5 நிமிஷம். மொத்தம் 20 நிமிஷக் காத்திருப்பு. சின்னமனூர் பஸ் ஒரு மணிக்கு ஒண்ணுன்னா 30 நிமிஷம், அங்க மாறி ஏற 5 நிமிஷம். மொத்தம் 35. சின்னமனூர் வழியில ஓடுற நேரம் 10 நிமிஷம் குறைவா இருந்தாலும் போடி வழிதான் சீக்கிரம்.

ஆனா சின்னமனூர் பஸ் காலையில எத்தனை மணிக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா? வீட்டுல இருந்து அதுக்கேத்த மாதிரி கிளம்புவாங்க. அந்த 30 நிமிஷம் காணாம போயிடும். இப்போ சின்னமனூர் வழி ஜெயிச்சிடும். ரோடு மாறலை, பஸ் மாறலை. ஒரு நேரம் தெரிஞ்சதால பதில் மாறிடுச்சு.

இதுல இருந்து நமக்கு ஒரு விதி கிடைக்குது. கோட்டோட தடிமன்தான் பஸ் எவ்வளவு அடிக்கடி வரும்ங்கிறதைச் சொல்லணும். மூணு தடிமன் போதும். தடியான கோடுன்னா, நேரம் பார்க்காம போய் நிக்கலாம். மெல்லிய கோடுன்னா, கொஞ்சம் காத்திருக்கணும். புள்ளிக்கோடுன்னா, நேரம் தெரியாம போகாதீங்க. அந்தப் புள்ளிக்கோட்டுக்குப் பக்கத்துலயே புறப்படுற நேரத்தை எழுதிடணும். தடியான கோட்டுக்கு நேரம் எழுதினா இடம்தான் வீண்.

இன்னொரு விஷயம். வரையும்போது ரூட்டுக்கு ஒரு கோடு போடத் தோணும், ஏன்னா டேட்டா அப்படித்தான் நம்ம கையில வந்து சேரும். போடியில இருந்து கிளம்புற சில பஸ் தேவாரத்தோட நின்னுடும், சிலது தாண்டிப் போகும். ஒவ்வொண்ணுக்கும் தனிக் கோடு போட்டா போடி பக்கத்துல இடியாப்பம் ஆயிடும். அதனால ரூட்டை மறந்துட்டு ரோட்டுத் துண்டை எடுத்துக்கணும். போடி தேவாரம் ஒரு துண்டு, தேவாரம் உத்தமபாளையம் ஒரு துண்டு. அந்தத் துண்டுல ஓடுற எல்லா பஸ்ஸையும் கூட்டினா எந்தத் தடிமன் வருதோ அதுதான் அந்தக் கோடு. நிறுத்தத்துல நிக்கிறவருக்கு வேண்டியது தேவாரம் போற ஏதோ ஒரு பஸ்தானே.

எண்ணுறது எப்படி

இந்தத் தடிமனுக்கு டேட்டா எங்க கிடைக்கும்? பஸ் ஸ்டாண்ட் சுவத்துல கால அட்டவணை எழுதியிருந்தா அது நல்ல ஆரம்பம். ஆனா அதையே நம்பிட முடியாது. பெயின்ட் அடிச்ச வருஷத்துக்கு அப்புறம் பஸ் மாறியிருக்கும். அதை முதல் டிராப்டா வச்சுக்கிட்டு நேர்ல சரிபார்க்கணும்.

நேர்ல பார்க்கிறதுன்னா வேற ஒண்ணும் இல்ல, ஒரு வேலை நாள் ஸ்டாண்ட்ல உட்கார்ந்து நோட்டுல எழுதுறதுதான். நாலு பத்தி போதும். வந்த நேரம், போர்டுல எழுதியிருக்கிற ஊர், அரசு பஸ்ஸா தனியார் பஸ்ஸா, டவுன் பஸ்ஸா வெளியூர் பஸ்ஸா. ஞாயிற்றுக்கிழமை எண்ணினா ஸ்கூல் நேரத்து பஸ் விட்டுப்போகும். திருவிழா நாள்லயும் எண்ணக்கூடாது. சித்திரையில வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா நடக்கிறப்போ சிறப்பு பஸ் விடுவாங்க, போக்குவரத்தையே மாத்தி விடுவாங்க. அன்னிக்குக் கிடைக்கிற எண் வருஷத்துல மிச்ச நாளுக்கு உதவாது.

எழுதினதைச் சரிபார்க்க ரெண்டு ஆளைக் கேட்கலாம். ஒருத்தர் பஸ் ஸ்டாண்ட்ல இருக்கிற டைம் கீப்பர். இன்னொருத்தர் நிறுத்தத்துக்கு எதிர்ல கடை வச்சிருக்கிறவர். டைம் கீப்பர் பஸ் எப்போ வரணும்னு சொல்வார். கடைக்காரர் அது எப்போ வருதுன்னு சொல்வார். ரெண்டு பதிலுக்கும் இடைவெளி பெரிசா இருக்கிற கோடு எதுவோ, அதுக்கு ஒரு படி குறைச்ச தடிமன்தான் கொடுக்கணும்.

புள்ளிக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் உண்டு

இப்போ மாறுற இடங்களுக்கு வருவோம். நம்ம பக்கம் ஊர்ப்பேர்லயே மாறுற இடம் ஒளிஞ்சிருக்கு. விலக்குன்னா மெயின் ரோட்டுல இருந்து ஒரு கிளை ரோடு விலகிப் போற இடம். மெட்டுன்னா மலை ஏறி முடிக்கிற உச்சி. கானாவிலக்கு, போடிவிலக்கு, போடிமெட்டு, கம்பம்மெட்டு. பேரே ஒரு போக்குவரத்துக் குறிப்பு.

அதுல போடிவிலக்கு ரொம்ப சுவாரசியமான புள்ளி. பழனிசெட்டிபட்டியில, கம்பம் ரோட்டுல இருந்து போடி ரோடு பிரியிற இடம். சின்னமனூர்ல இருந்து போடி போறவர் தேனி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியதில்ல. இங்க இறங்கி ரோட்டைக் கடந்து போடி பஸ் பிடிக்கலாம். ஊர்க்காரங்களுக்கு இது தெரியும். புதுசா வந்தவங்களுக்குத் தெரியாது, ஏன்னா போடிவிலக்குன்னு எந்த பஸ் போர்டுலயும் எழுதியிருக்காது. ஒரு வரைபடம் தன் கூலியைச் சம்பாதிக்கிறது இந்த மாதிரி இடத்துலதான்.

ஆனா விலக்குல ஏர்றதும் ஸ்டாண்ட்ல ஏர்றதும் ஒண்ணு இல்ல. ஸ்டாண்ட்ல காலி பஸ்ல ஏறி உட்காரலாம். விலக்குல வர்ற பஸ் ஏற்கனவே நிரம்பி வரும். கைக்குழந்தையோட இருக்கிறவங்க, வயசானவங்க, உட்கார இடம் கிடைக்கணும்னு தேனி வரைக்கும் போய் ஏறுவாங்க. அதனால ரெண்டுக்கும் வேற வேற குறி தேவை. ஸ்டாண்டுக்கு உள்ளே வெள்ளை விட்ட பெரிய வட்டம். விலக்குக்குக் கோட்டுல இருந்து நீட்டிட்டு நிக்கிற சின்னக் குச்சி. ராத்திரி வெளிச்சம் இல்லாத விலக்குன்னா அதையும் ஒரு சின்ன பிறை போட்டுக் காட்டலாம்.

அடுத்து தேனி. வரைபடத்துல ரொம்ப கஷ்டமான புள்ளி இதுதான். தேனியில ரெண்டு பஸ் ஸ்டாண்ட். ஊருக்குள்ள பழைய ஸ்டாண்ட். பைபாஸ்ல கர்னல் ஜான் பென்னிகுவிக் பேர்ல புது ஸ்டாண்ட். முல்லைப்பெரியாறு அணை கட்டின அதே பென்னிகுவிக்தான். இது போதாதுன்னு நேரு சிலை. மதுரை ரோடு, கம்பம் ரோடு, பெரியகுளம் ரோடு மூணும் சந்திக்கிற இடம். தேனின்னு ஒரே ஒரு புள்ளி வச்சுட்டா பார்க்க அழகா இருக்கும். ஆனா அந்த அம்மா ஒரு ஸ்டாண்ட்ல இறங்கி, அவங்க ஏற வேண்டிய பஸ் இன்னொரு ஸ்டாண்ட்ல நின்னா, அந்த அழகான புள்ளிக்குள்ள ஒரு ஆட்டோ காசு ஒளிஞ்சிருக்கு.

அதனால தேனியை மட்டும் ஊதிப் பெரிசாக்கணும். பெக்கும் இதையேதான் செஞ்சார். நெரிசலான நடு லண்டனைப் பெரிசாக்கி, வெளிப்புறத்தைச் சுருக்கினார். நாமளும் தேனிக்கு மூணு புள்ளி வைப்போம். பழைய ஸ்டாண்ட், நேரு சிலை, புது ஸ்டாண்ட். எந்தக் கோடு எந்தப் புள்ளி வழியா போய் எதுல முடியுதுன்னு தனித்தனியா காட்டுவோம். புள்ளிகளுக்கு நடுவுல நடந்தே போகலாம்னா ரெண்டு மெல்லிய கோடு. பஸ் ஏறித்தான் போகணும்னா பஸ் கோடு.

பஸ் கோட்டுல காசும் இருக்கு

2021 மே மாசத்துல இருந்து அரசு டவுன் பஸ்ல, சாதாரணக் கட்டண வண்டியில, பெண்களுக்கு டிக்கெட் இல்ல. விடியல் பயணம்னு சொல்றாங்களே, அதுதான். தனியார் பஸ்ல இது கிடையாது. வெளியூர் பஸ்ல கிடையாது. ஒரே ரோட்டுல மூணு வகையும் ஓடலாம்.

இப்போ அந்த அம்மா பார்வையில பாருங்க. தேவாரம், போடி, தேனி, கானாவிலக்கு. ஒரு தடவை போக மூணு பஸ். திரும்ப மூணு பஸ். பத்து நாள் ஆஸ்பத்திரின்னா 60 தடவை பஸ் ஏறணும். இதுல எத்தனை தடவை டிக்கெட் எடுக்கணும்ங்கிறது அவங்களுக்குச் சின்ன விஷயம் இல்ல. ஒரு வழி கொஞ்சம் சுத்து, ஆனா எல்லாத் துண்டுலயும் இலவச பஸ் கிடைக்குதுன்னா, நிறைய பேர் அந்தச் சுத்து வழியைத்தான் எடுப்பாங்க. கூகுள் மேப்ல வர்ற சீக்கிரமான வழி அவங்களுக்கு வேண்டிய வழியா இருக்கணும்னு அவசியம் இல்ல.

அதனால கலரை எதுக்குச் செலவு பண்ணணும்ங்கிற முடிவு இங்க தானாவே வந்துடுது. மெட்ரோ வரைபடத்துல கலர்னா ரூட். நம்ம வரைபடத்துல ரூட்டுக்குக் கலர் கொடுக்கத் தேவையில்ல, முக்கோணத்துல யாரும் வழி தவறப் போறதில்ல. இலவச டவுன் பஸ் ஓடுற துண்டுக்கு ஒரு கலர், டிக்கெட் எடுத்தே ஆகணும்ங்கிற துண்டுக்கு இன்னொரு கலர். ரெண்டும் ஓடினா ரெண்டு கோடு பக்கத்துல பக்கத்துல, ஒவ்வொண்ணுக்கும் அதோட சொந்தத் தடிமன். கறுப்பு வெள்ளையில ஜெராக்ஸ் எடுப்பாங்க, அதனால ஒண்ணு நிரப்பின கோடு, இன்னொண்ணு வெறும் ஓரம் மட்டும் போட்ட கோடுன்னு வச்சா கலர் இல்லாமலும் புரியும்.

மலை எங்க போச்சு

வரைபடத்தைச் சுருக்கும்போது எதை விடக்கூடாதுன்னும் ஒரு கேள்வி இருக்கு. பெக் எல்லாத்தையும் தூக்கிட்டு தேம்ஸ் நதியை மட்டும் விட்டு வச்சார். 2009-ல அந்த நதியையும் எடுத்துட்டு ஒரு பதிப்பு போட்டாங்க. லண்டன்ல பெரிய சத்தம் கிளம்பி, நதியைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. நதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு வச்சுத்தான் மனுஷங்க தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறாங்க.

தேவாரத்துல நதிக்குப் பதில் மலை. பஸ்ல எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மேற்கு எதுன்னு தெரியும், மலை தெரியிற பக்கம். அதனால இடது ஓரத்துல மேலே இருந்து கீழ வரைக்கும் ஒரு சாம்பல் பட்டை. அது போதும், மத்த எந்த பூகோளமும் வேண்டாம்.

ஆனா மலை ஒரு பொறியும் வைக்குது. தேவாரத்துல நின்னு பார்த்தா ஏலக்காய் தோட்டம் இருக்கிற கேரள மலை கைக்கெட்டுற தூரம். சாக்குலூத்துமெட்டு வழியா ரோடு போடணும்னு ஊர்க்காரங்க ரொம்ப காலமா கேட்டுட்டு இருக்காங்க. இன்னிக்கு பஸ்ல போகணும்னா வடக்கே போடிக்கு வந்து, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு போகணும். இல்லைன்னா தெற்கே கம்பம் போய் கம்பம்மெட்டு. பஸ் வரைபடத்துல மேற்குப் பட்டைக்கும் தேவாரத்துக்கும் நடுவுல எந்தக் கோடும் வராது. சிலருக்கு அந்த வெற்றிடம் வருத்தமா இருக்கும். இருந்தாலும் இல்லாத கோட்டைப் போடக்கூடாது. தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்பும் இதுல வராது. அது ஒப்பந்த வண்டி, யார் வேணும்னாலும் கை காட்டி ஏறுற வண்டி இல்ல.

மலை ஏறுற கோட்டுக்கு இன்னொரு கவனம் தேவை. முந்தல் போடிமெட்டுக்கு நடுவுல உள்ள அத்தனை வளைவையும் நாம ஒரு சாய்வுக் கோடா நீட்டிடுவோம். பார்க்கிறவங்க போடியில இருந்து சிலமலை போற தூரம்தான் இதுவும்னு நினைச்சிடுவாங்க. அதனால இந்த ஒரு துண்டுல மட்டும் ஓடுற நேரத்தை எழுதி, ஒரு சின்ன வளைவுக் குறி போட்டுடணும்.

எழுத்து பெரிய பிரச்சினை

இங்கிலீஷ் வரைபடத்தைப் பார்த்து வரைய ஆரம்பிச்சா தமிழ்ப் பேர் இடிக்கும். பழனிசெட்டிபட்டி, சில்லமரத்துப்பட்டி, உத்தமபாளையம். எவ்வளவு நீளம் பாருங்க. இதுல கொம்பும் சுழியும் மேலயும் கீழயும் இடம் கேட்கும். சாய்வா எழுதினா கழுத்து வலிக்கும். வழி ஒண்ணுதான், முக்கோணத்தோட ரெண்டு பக்கத்தையும் செங்குத்தா நிமிர்த்தி, பேரை எல்லாம் படுக்கை வாட்டுல எழுதுறது. இடது கோட்டுப் பேர் இடது பக்கம், வலது கோட்டுப் பேர் வலது பக்கம். முக்கோணம் ஏணி மாதிரி ஆயிடும். போடி தேனி ஒரு படி, தேவாரம் சின்னமனூர் இன்னொரு படி, கீழ உத்தமபாளையத்துல ரெண்டு காலும் சேர்ந்துக்கும். போன் திரையும் செங்குத்துதான், அதுலயும் பொருந்தும்.

பேரைச் சுருக்கலாம், ஆனா பஸ் போர்டுல என்ன இருக்கோ அதுதான் அளவு. போடிநாயக்கனூர்னு முழுசா எழுத வேண்டாம், போர்டுலயும் வாயிலயும் போடிதான். ஆனா இனிஷியலை மட்டும் வெட்டிடக் கூடாது. டி.ரெங்கநாதபுரம் தேவாரம் பக்கம், பி.ரெங்கநாதபுரம் போடி பக்கம். முன்னாடி இருக்கிற அந்த ஒரு எழுத்தை இடம் போதலைன்னு எடுத்துட்டா ஆள் வேற ஊர்ல இறங்கிடுவார்.

திரும்பி வர்ற வழி

இப்போ கடைசி, ஆனா எனக்கு முக்கியமா படுற விஷயம். பஸ் வரைபடம் எல்லாம் போற வழியை மனசுல வச்சு வரையப்படுது. போற வழியும் வர்ற வழியும் ஒரே கோடுதானே, அப்படியே திருப்பிப் படிச்சுக்கலாம்னு தோணும். சின்ன ஊருக்கு அது சரி வராது.

காலையில போகும்போது அரிதான பஸ் முதல்ல வருது. அதை விட்டாலும் வீட்டுப் பக்கத்துலதான் நிக்கிறோம், அடுத்ததைப் பார்த்துக்கலாம். அதுக்கப்புறம் எல்லாம் அடிக்கடி ஓடுற பஸ். ராத்திரி திரும்பும்போது இது தலைகீழ். முதல்ல அடிக்கடி ஓடுற பஸ், கடைசித் துண்டுல அரிதான பஸ். கானாவிலக்குல எவ்வளவு பஸ் போனாலும் சரி, போடியில தேவாரத்துக்கான கடைசி பஸ் கிளம்பிட்டா அந்த அம்மா வீட்டுல இருந்து ஒரே ஒரு துண்டு தள்ளி மாட்டிக்கிறாங்க.

இதைக் கண்டுபிடிக்க பின்னால இருந்து கணக்குப் போடணும். மறுபடியும் இது கணக்குக்கான எண்கள்தான். போடியில கடைசி பஸ் 9.30-ன்னு வச்சுக்கலாம். மாற 15 நிமிஷம் ஒதுக்கினா 9.15-க்குப் போடியில இருக்கணும். தேனியில இருந்து போடிக்கு முக்கால் மணி நேரம் வைங்க, 8.30-க்குத் தேனியில ஏறிடணும். தேனிக்குள்ள ஸ்டாண்ட் மாறவும் காத்திருக்கவும் அரை மணி, 8.00. கானாவிலக்குல இருந்து தேனிக்கு காத்திருப்போட சேர்த்து அரை மணி, 7.30. ஆக, ராத்திரி 9.30 பஸ்ஸைப் பிடிக்க ஆஸ்பத்திரி வாசல்ல 7.30-க்கு நிக்கணும். இந்த ரெண்டு மணி நேரத்தை எந்த டைம்டேபிளும் சொல்லாது. ஏன்னா டைம்டேபிள் ஒரு துண்டைப் பத்தித்தான் பேசும், பயணத்தைப் பத்திப் பேசாது.

அதனால வரைபடத்தோட கீழ் மூலையில ஒரு சின்னக் கட்டம் போடணும்ங்கிறது என் கட்சி. தலைப்பு: 'தேவாரம் திரும்ப, இதுக்குள்ள கிளம்புங்க.' கீழ நாலே வரி. கானாவிலக்கு, தேனி, போடி, உத்தமபாளையம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம். இந்தக் கட்டத்துல தேவாரம்னு பேர் இருக்கிறதால இது தேவாரத்துல மாட்டுற வரைபடம். கோம்பையில மாட்டுறதுக்கு வேற கட்டம் வேணும். லண்டன் பஸ் நிறுத்தங்கள்லயும் முழு நகரத்து வரைபடத்தைப் போடாம, அந்த இடத்துல இருந்து கிளம்புற பஸ்ஸை மட்டும் காட்டுற வரைபடம் வச்சாங்க, சிலந்தி வரைபடம்னு அதுக்குப் பேர். சின்ன ஊருக்கும் அதுதான் சரி. ஒரு மாவட்டத்துக்கு ஒரு வரைபடம் வேண்டாம், ஒரு ஊருக்கு ஒண்ணு.

தேவாரம் பிரதியை அந்த ஊர் ஸ்டாண்ட்ல மட்டும் ஒட்டினா பாதி வேலைதான். ராத்திரி கட்டத்தை அவங்க பார்க்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. அதனால அவங்க கைப்பையில மடிச்சு வைக்கிற மாதிரி ஏ5 அளவுல ஒண்ணு வேணும், இல்லைன்னா வாட்ஸ்அப்ல அனுப்புற மாதிரி ஒரு படம். தேதி கட்டாயம் போடணும். எந்த மாசம் எண்ணினதுன்னு தெரியாத கடைசி பஸ் நேரம், நேரமே போடாததை விட ஆபத்து.

சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்

வரைஞ்சு முடிச்சதும் 'நல்லா இருக்கா?'ன்னு கேட்காதீங்க. எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. கையில கொடுத்து, 'அக்கா, கானாவிலக்கு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீங்க, விரலால காட்டுங்க'ன்னு கேளுங்க. பிறகு விரலை மட்டும் பாருங்க.

விரல் தேனியில நின்னு தயங்கினா ரெண்டு ஸ்டாண்டும் தெளிவா இல்லைன்னு அர்த்தம். ரெண்டு கோடு வெட்டுற இடத்துல, புள்ளி இல்லாத இடத்துல, விரல் திரும்பினா அந்தக் குறுக்கு வெட்டை எடுத்தாகணும். புள்ளிக்கோட்டுல நேரத்தைப் பார்க்காம விரல் வேகமா போயிட்டா எழுத்து சின்னதா இருக்கு. அப்புறம் இன்னொரு கேள்வி, 'ராத்திரி எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?' கண்ணு கீழ் மூலைக் கட்டத்துக்குப் போகணும். போகலைன்னா கட்டத்தை மேலே கொண்டு வாங்க. அஞ்சாறு பேர்கிட்ட கேட்டாலே ஒரே இடத்துல திரும்பத் திரும்ப மாட்டுறது தெரிஞ்சிடும்.

உங்க ஊருக்கு ஒண்ணு வரையணும்னு தோணினா முதல்ல கம்ப்யூட்டரைத் திறக்காதீங்க. ஒரு ஏ4 பேப்பர், பென்சில். நடுவுல உங்க ஊர். அதைச் சுத்தி அதிகபட்சம் ஆறு மாறுற இடம். அப்புறம் உங்க ஊருக்குத் திரும்ப வர்ற கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு ஸ்டாண்ட்ல போய்க் கேளுங்க. அந்த ஒரு நேரத்தை முதல்ல எழுதுங்க. மிச்ச வரைபடத்தை அங்க இருந்து பின்னோக்கி வரையலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வர்றேன்.